பங்காரம்மாவின் ராசியான ஃபாண்ட்

பங்காரம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் அடிபடுவது கீபோர்டுதான். போத்தனூர் ஸ்டேஷன் ரோட்டில் அவருடைய டி.டி.பி. கடைக்கும் என்னுடைய அச்சகத்துக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் கேட்கிற தட்டலை வைத்தே வந்திருக்கும் கிராக்கி எப்பேர்ப்பட்டது என்று இந்தப் பக்கம் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவேன். என் பெயர் கலீல் ரஹ்மான். எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் வீட்டுக்காரி சித்திகா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பங்காரம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நான் மௌனவிரதம் இருக்கிற ஆசாமி.

அந்தம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபத்தில் இரண்டும். புருஷன் ரயில்வேயில் கார்டு. வீட்டில் இருக்கிற நாளைவிட வண்டியில் இருக்கிற நாள்தான் அதிகம். அந்த மனுஷன் இன்னும் தெம்பாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். காதுகுத்து, கிரகப்பிரவேசம், கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஏரியாவில் எவன் பெயர் அச்சில் ஏறினாலும் முதலில் பங்காரம்மா கையில் அது அடிபட வேண்டும். திரையைப் பார்க்காமல், கீபோர்டையும் பார்க்காமல், எதிரே நிற்கிறவரைத் திட்டிக்கொண்டே தமிழ் அடிப்பார். திட்டும் நிற்காது, டைப்பிங்கும் நிற்காது.

அவருக்கு ஒரு ஃபாண்ட் உண்டு. கடை திறந்தபோது கையால் அழகாக வரைந்த எழுத்து என்று சொல்லி யாரோ சிடியில் கொடுத்தார்களாம். அந்த ஃபாண்டில் அடித்த முதல் கல்யாணப் பத்திரிகைக்காரருக்கு இரட்டைப் பிள்ளை பிறந்தது. அவ்வளவுதான், அது ராசியான ஃபாண்ட் ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் மாறியது, விண்டோஸ் மாறியது, கடைக்குப் பெயிண்ட்கூட இரண்டு தரம் மாறியது. ஃபாண்ட் மட்டும் மாறவில்லை.

இந்தப் பழைய ஃபாண்டுகளின் சங்கதி தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து புரியாது. கம்ப்யூட்டர் எழுத்தை எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண். இப்போது செல்போனில் நாம் அடிக்கிறோமே, யூனிகோடு, அதில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கின்றன. பழைய ஃபாண்டுகள் வந்த காலத்தில் அந்த வசதி பரவியிருக்கவில்லை. அதனால் இங்கிலீஷ் எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் எழுத்தை வரைந்து வைத்தார்கள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஏதோ இங்கிலீஷ் உளறல். அதன்மேல் அந்த ஃபாண்ட் தமிழ் முகமூடியை மாட்டிவிடுகிறது. முகமூடி இருக்கிறவரைக்கும் எல்லாரும் கும்பிடுவார்கள். கழன்றால் உள்ளே இருக்கிற உளறல் வெளியே வந்துவிடும்.

இதனால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. ஏனென்றால் என் அச்சகத்துக்கு வருகிற எந்த ஃபைலையும் ‘கர்வ்’ பண்ணிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் சட்டம். அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டுப்படமாக மாற்றிவிடுவது. படத்துக்கு ஃபாண்ட் தேவையில்லை, எந்த மிஷினில் திறந்தாலும் அப்படியே இருக்கும். ஆகவே பங்காரம்மா அடித்துக் கொடுத்து நான் அச்சடித்த எதிலும் ஓர் எழுத்தும் உடைந்ததில்லை. அந்தப் பெருமையை அந்தம்மா முழுசாகத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். ‘என் கடை எழுத்து ஒடையாதுங்க’ என்று வருகிற கிராக்கிக்கெல்லாம் சொல்வார். நானும் சரி, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம் அவருடைய மகள் அக்ஷயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

மாப்பிள்ளை மனோஜ்குமார். காங்கேயம் பக்கம் தோட்டமும் தேங்காய் எண்ணெய் மில்லும் உள்ள குடும்பம். இரண்டு பேருக்கும் சரவணம்பட்டியில் ஒரே கம்பெனியில் வேலை. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. பெண் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே அந்தப் பக்கத்துச் சொந்தபந்தம் முகத்தைச் சுளித்தது. மாப்பிள்ளையின் அப்பா அங்கப்பன் மட்டும் பல மாதம் பிடிகொடுக்காமல் இருந்து, ஒருநாள் திடீரென்று சரி என்றார். எதனால் சரி என்றார் என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சரியைப் பங்காரம்மா கண்ணாடிப் பாத்திரம்போலக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். மகள் விஷயத்தில் மட்டும் அந்தம்மாவுக்குப் பயம் உண்டு.

பத்திரிகை அடிக்கிற வேலை வந்தது. பெண் வீட்டு விவரத்தை அக்ஷயாவே போனில் டைப் பண்ணி வாட்ஸப்பில் அனுப்பினாள். பங்காரம்மா அதைக் காப்பி பண்ணி அப்படியே ஒட்டினார். மாப்பிள்ளை வீட்டு விவரம் வேறு மாதிரி வந்தது. அங்கப்பன் தன் கைப்பட, கோடு போட்ட காகிதத்தில், குண்டு குண்டாக எழுதி அனுப்பியிருந்தார். சம்பந்தி கைப்பட எழுதியதை ஏனோதானோ என்று அடிக்கலாமா? பங்காரம்மா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சாமி பேரிலிருந்து கடைசிப் பங்காளி பேர்வரை தன் ராசியான ஃபாண்டில் அடித்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். அன்றைக்கு கீபோர்டு அடி வாங்கவே இல்லை.

திரையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் எழுத்து கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. ஒட்டியது யூனிகோடு எழுத்து, அதற்கு ராசியான ஃபாண்டில் இடமே கிடையாது என்பதால் கம்ப்யூட்டர் தானாகவே தன்னிடமிருந்த வேறொரு தமிழ் ஃபாண்டை எடுத்துப் போட்டிருந்தது.

“ஏம்மா, ரெண்டு பக்கமும் எழுத்து வேற மாதிரி இருக்குதே” என்றேன்.

“அது டிசைன் பாய். மாப்பிள்ளை ஊட்டுக்கு ஒசந்த எழுத்து. உங்களுக்கு மிஷின் ஓட்ட மட்டுந்தான் தெரியும், பேசாம போங்க.”

போய்விட்டேன். கர்வ் பண்ணிய ஃபைலை எனக்குக் கொடுத்தார், மாதிரிக்கு ஒரு கார்டு அடித்துக் கொடுத்தேன். பிரமாதமாக இருந்தது. சம்பந்தி வீட்டாரும் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும் என்று மாப்பிள்ளைக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டுமே, அதற்கு, அச்சுக்குப் போகிறதில்லையே என்று கர்வ் பண்ணாமலேயே ஒரு பி.டி.எஃப். எக்ஸ்போர்ட் பண்ணினார். எக்ஸ்போர்ட் கொடுத்ததும் திரையில் இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை வந்தது. கடைத் திரையில் கிராக்கிக்குக் காட்ட பி.டி.எஃப். எடுக்கும்போதும் அது எப்போதும் வரும், ஆனால் அவை எதுவும் கடையைத் தாண்டியதில்லை. பங்காரம்மா எப்போதும்போல ஓகே தட்டினார். பி.டி.எஃப்.பைத் தன் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தார், நன்றாக இருந்தது, அனுப்பிவிட்டார். மாப்பிள்ளைப் பையன் மகா கெட்டிக்காரன். ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்துகொண்டு, திறந்துகூடப் பார்க்காமல், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில் தள்ளிவிட்டான்.

மறுநாள் காலை அக்ஷயா அம்மாவுக்குப் போன் பண்ணி அழுதாள்.

குரூப்பில் என்ன தெரிந்தது என்றால், பெண் வீட்டுப் பக்கம் முத்து முத்தாகத் தமிழ். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் நடுநடுவே காலிக் கட்டமும். மேலே இருந்த குலதெய்வத்தின் பேருக்கும் அதே கதி. கருப்புசாமி என்று ஒருத்தர், அங்கப்பனுக்குப் பங்காளி, சும்மாவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நின்றவர். அவர் குரூப்பில் குரல் பதிவு போட்டிருந்தார். அவங்க பேரை மட்டும் சுத்தமாத் தமிழ்ல அடிச்சுப்போட்டு நம்ம பேரையெல்லாம் கட்டங்கட்டி அழிச்சுப்போட்டாங்க, சாமியக்கூட உடலீங்க, இதுக்கு மேல என்னத்தச் சொல்றது என்று. முதல் பத்திரிகையைக் குலதெய்வக் கோயிலில் வைத்துவிட்டுத்தான் அவர்கள் மற்றவர்களை அழைப்பார்கள். அது இப்போதைக்கு இருக்கட்டும் என்று அங்கப்பன் மகனிடம் சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டார்.

கோயிலுக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்றால் கல்யாணம் இல்லை என்று அர்த்தம். வாயால் சொல்லாமல் சொல்கிற மரியாதை அது.

பங்காரம்மா என் அச்சகத்துக்குள் புயல்மாதிரி வந்தார். “பாய், உங்க போனைக் குடுங்க.” ஃபைலை எனக்கு அனுப்பித் திறந்தார். கட்டம். சித்திகா சாப்பாடு கொண்டுவந்திருந்தாள், அவள் போனிலும் திறந்தார். அதிலும் கட்டம்.

“ரெண்டும் டப்பா போன்” என்றார்.

“அங்க காங்கேயத்துல இருக்கறதெல்லாம்கூடவா டப்பா போனு?” என்றேன்.

“எங்கிட்ட நல்லாத்தானே இருக்குது? வந்து பாருங்க, எங்கிட்ட நல்லாத்தான் இருக்குது.” திரும்பத் திரும்ப அதையே சொன்னார். சித்திகா அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள், என் பக்கம் திரும்பினாள்.

“அச்சடிச்சது நீங்கதான? கூடப் போயிட்டு வாங்க. போன இடத்துல வாயை மூடிட்டு இருங்க.”

காங்கேயம் பஸ்ஸில் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னல் பிடித்தோம். பங்காரம்மா மடியில் லேப்டாப், கைப்பையில் மாதிரிக் கார்டு. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மில்லின் ஆபீஸ் ரூமில் அங்கப்பன் இருந்தார். வெள்ளை வேட்டி, தடித்த கண்ணாடி, அதிகம் பேசாத முகம். பக்கத்தில் கருப்புசாமி, அவருக்குத் துணையாக இன்னும் இரண்டு மூன்று பெரியவர்கள். மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் மில் கணக்குப் பார்க்கிற நந்திதா என்ற பெண். வாங்க, உட்காருங்க, மோர் குடிங்க என்று எல்லா மரியாதையும் நடந்தது. கொங்கு நாட்டில் உங்களை வெட்டுவதானால்கூட முதலில் மோர் கொடுத்துவிட்டு ‘ஏனுங்க, கழுத்தைக் கொஞ்சம் நீட்டுங்க’ என்றுதான் கேட்பார்கள்.

பங்காரம்மா கைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். “பாருங்கண்ணா, பேரெல்லாம் எவ்வளவு அழகா வந்திருக்குதுன்னு. நான் ஒண்ணும் அழிக்கலீங்க.”

அங்கப்பன் வாங்கிப் பார்த்தார். கருப்புசாமி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சிரித்தார்.

“அப்ப உங்களுக்கு எங்க பேரெல்லாம் நல்லா எழுதத் தெரியுதுங்க. தெரிஞ்சேதான் அதுல கட்டம் போட்டு அனுப்பிச்சிருக்கறீங்க.”

நல்ல அத்தாட்சி கொண்டுவந்தோம் போ என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பங்காரம்மா விடவில்லை. லேப்டாப்பைத் திறந்தார். “நான் அனுப்புன அதே ஃபைலுங்க இது. நீங்களே பாருங்க.” திறந்தது. சாமியிலிருந்து பங்காளிவரை ஒரு எழுத்து குறையாமல் சுத்தத் தமிழ்.

“அப்ப உங்ககிட்ட ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணுங்களா?” என்றார் கருப்புசாமி.

நான் வாயைத் திறந்தேன். சித்திகா சொன்னது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். பங்காரம்மாவின் முகம் சிவந்தது. கை கீபோர்டுக்குப் போனது. இன்றைக்கு மில்லில் ஒரு சாவு என்று நினைத்தேன். ஆனால் அந்தம்மா லேப்டாப்பை மூடிவிட்டு நந்திதாவிடம் திரும்பினார்.

“கண்ணு, அந்த பி.டி.எஃப்.பை உன்ற சிஸ்டத்துல திற.”

நந்திதா அங்கப்பனின் போனிலிருந்து இறக்கித் திறந்தாள். பெரிய திரையில் கட்டமும் அரைப்புள்ளியும் ஊர்வலம் போயின. கருப்புசாமி ‘பாருங்க’ என்று கை நீட்டினார். பங்காரம்மா அவரைக் கவனிக்கவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போய் உட்கார்ந்தார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பாய்” என்றார். சத்தமே வரவில்லை. “ஒட்டுனது பூரா நல்லா இருக்குது. நான் என்ற கையால அடிச்சதுதான் பூரா ஒடஞ்சிருக்குது.”

நந்திதாவை விலகச் சொல்லிவிட்டு மௌசைப் பிடித்தார். ஃபைலின் விவரத்தைத் திறந்து, ஃபாண்டுகளின் பட்டியல் இருக்கிற பக்கத்துக்குப் போனார். அங்கே இரண்டு பெயர். ஒன்று கம்ப்யூட்டர் தானாக எடுத்துப்போட்ட ஃபாண்ட், அதன் பக்கத்தில் ‘உள்ளே வைக்கப்பட்டது’ என்று இங்கிலீஷில் இருந்தது. இன்னொன்று ராசியான ஃபாண்ட். அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அப்போதுதான் எனக்கும் மண்டையில் ஏறியது. பி.டி.எஃப்.பில் எழுத்தின் எண்ணும், எந்த ஃபாண்டில் காட்டவேண்டும் என்கிற பேரும் இருக்கும். அந்த ஃபாண்டையும் ஃபைலுக்குள்ளேயே வைத்து அனுப்பினால் எங்கே திறந்தாலும் சரியாக வரும். ஆனால் சில ஃபாண்டுகளில், செய்தவர்களே ‘இதை ஃபைலுக்குள் வைத்து யாருக்கும் அனுப்பக்கூடாது’ என்று ஒரு தடையைப் பதித்து வைத்திருப்பார்கள். ராசியான ஃபாண்ட் அந்த ஜாதி. அதைச் சொல்லத்தான் அந்த எச்சரிக்கை ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறது. அந்தம்மாவும் ஒவ்வொரு தடவையும் ஓகே தட்டி அதன் வாயை அடைத்திருக்கிறார். கடைக் கம்ப்யூட்டரிலும் லேப்டாப்பிலும் அந்த ஃபாண்ட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது, அதனால் பி.டி.எஃப். அதை எடுத்துக்கொண்டு ஜம்மென்று தெரிந்தது. இல்லாத இடத்தில் போன் தன்னிடமிருந்த ஏதோ ஒரு ஃபாண்டைப் போட்டது. முகமூடி கழன்றது, இங்கிலீஷ் வந்தது. எந்த எண்ணுக்கு அதனிடம் எழுத்தே இல்லையோ அங்கே காலிக் கட்டம் வந்தது. செய்த ஃபைலைச் செய்த மிஷினிலேயே திறந்து பார்த்துச் சரி என்று சொல்வது, நம் முகத்தை நாமே அழகு என்று சொல்லிக்கொள்வது மாதிரிதான்.

பங்காரம்மா எழுந்து அங்கப்பனைப் பார்த்து நின்றார்.

“அண்ணா, தப்பு என்ற மேலதானுங்க. வேணும்னு பண்ணலீங்க. உங்க பேருக்கெல்லாம் நல்ல எழுத்தாப் போடோணும்னு நெனச்சேன். அந்த எழுத்து என்ற கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் இருக்குது, ஃபைலோட வராதுங்க. அது எனக்கு இத்தனை நாளாத் தெரியலீங்க.”

இந்தம்மா வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. கருப்புசாமிக்கு அது போதவில்லை. “என்னமோ சொல்றீங்க. நாங்க எதைக் கண்டோமுங்க” என்றார்.

“காட்டறேனுங்க.”

சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவை எடுத்து நந்திதாவின் கம்ப்யூட்டரில் சொருகினார். ராசியான ஃபாண்டை அதிலிருந்து இன்ஸ்டால் பண்ணினார். பி.டி.எஃப்.பை மூடச் சொன்னார். “ஃபைலை நான் தொடலீங்க. உங்களுக்கு வந்த அதே ஃபைலுதான். கண்ணு, நீயே திற.”

நந்திதா திறந்தாள். கட்டமெல்லாம் காணோம். குலதெய்வம் வந்தது, மாப்பிள்ளை வந்தான், அங்கப்பன் வந்தார், கருப்புசாமியும் அவர் பட்டத்தோடு வந்து சேர்ந்தார். பெரியவர்களில் ஒருத்தர் ‘அட’ என்றார். கருப்புசாமி தன் பேரைக் கிட்டே போய்ப் படித்துப் பார்த்தார். படித்து முடித்துவிட்டு மறுபடியும் படித்தார்.

அங்கப்பன் மட்டும் தன் பேரைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அதற்கு அடுத்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தெய்வத்திரு வள்ளியாத்தாள் என்று இருந்தது. செத்துப்போன அவர் சம்சாரம்.

“கட்டம் போட்டதுக்கு எனக்குக் கோவமில்லீங்க” என்றார். அவர் அவ்வளவு நேரத்தில் பேசிய முதல் பேச்சு அதுதான். “பையன் இந்தப் புள்ளையத்தான் கட்டோணும்னு சொன்னப்ப முதல்ல செரின்னவ அவதானுங்க. நாந்தான் முடியாதுன்னுட்டேன். நோவுல கெடையில கெடந்தப்பவும் அதையே சொன்னா. அவ போனதுக்கு அப்பறந்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. கல்யாணத்துலதான் இருக்கமாட்டா, பத்திரிகைலயாச்சும் அவ பேரு நல்லா இருக்கட்டும்னு நானே உட்கார்ந்து எழுதுனேன். போன்ல தொறந்து அவ பேரைத் தேடுனேனுங்க. எந்தக் கட்டம் அவன்னே தெரியல.”

நான் மோரை எடுத்துக் குடித்தேன். அது காலி டம்ளர்.

பங்காரம்மா அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, வெட்கமே இல்லாமல் அழுதார். அழுதுகொண்டே லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

“நீங்க சொல்லுங்கண்ணா, நான் அடிக்கறேன். இப்பவே, இங்கயே. ஃபைலுக்குள்ளயே போற எழுத்துல அடிக்கறேன்.”

பழைய கீபோர்டில் மின்னலாகப் பறக்கிற விரல்களுக்கு யூனிகோடு விசை எது எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. போத்தனூரிலேயே வேகமாக அடிக்கிற பங்காரம்மா, ஒற்றை விரலை வைத்துக் கோழி தானியம் கொத்துகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்தினார். கொம்பை முதலில் குத்திவிட்டு எழுத்தை அப்புறம் குத்தியதில் கொம்பு தனியாக ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. ‘இதுல எழுத்தை முதல்ல அடிக்கோணுங்க ஆன்ட்டி, கொம்பு தானா முன்னால போய்க்கும்’ என்று நந்திதா பக்கத்தில் நின்று சொன்னாள். அங்கப்பன் காகிதத்தைப் பார்க்காமலே ஒவ்வொரு பேராகச் சொன்னார். தன் பேருக்கு முன்னால் ‘திரு’ போதாது, ‘உயர்திரு’ என்று போட வேண்டும் என்றார் கருப்புசாமி. பங்காரம்மா அழுத கண்ணோடு ஒரு பார்வை பார்த்தார். ‘திருவே போதுமுங்க’ என்று அவர் பின்வாங்கிவிட்டார்.

எக்ஸ்போர்ட் கொடுத்தபோது இந்தத் தடவை எச்சரிக்கை எதுவும் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் பங்காரம்மா நம்பவில்லை. ஃபாண்ட் பட்டியலைத் திறந்து பார்த்தார். பிறகு என் போனுக்கு அனுப்பினார், நந்திதா போனுக்கு அனுப்பினார், கருப்புசாமி போனைப் பிடுங்கி அதிலும் திறந்தார். எல்லாவற்றிலும் தமிழ். கடைசியாக அங்கப்பனுக்கு அனுப்பினார்.

அவர் தன் போனில் திறந்து, விரலால் பெரிதாக்கி, தன் பேருக்கு அடுத்த வரியைத் தேடிப் படித்தார். அப்புறம் நந்திதாவைக் கூப்பிட்டுக் குரூப்பில் எப்படிப் போடுவது என்று கேட்டார். போட்டார். மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாய்க்குக் கிட்டே வைத்தார்.

“எல்லாத்துக்கும் வணக்கமுங்க. பழைய பத்திரிகைய எல்லாரும் அழிச்சுப்போடுங்க. இது நம்ம சம்பந்தியம்மா நம்ம மில்லுல உட்கார்ந்து அடிச்சதுங்க. வர்ற வெள்ளிக்கெழம கோயிலுக்கு வெக்கறோம், எல்லாரும் வந்துருங்க.” விரலை எடுக்கப்போனவர் மறுபடியும் அழுத்தினார். “வள்ளியாத்தா பேரும் இருக்குதுங்க. பாருங்க.”